சிங்கப்பூரில் காலை 9:15-க்குக் கிளம்பி அதே நாள் காலை 9:30-க்கு சான் பிரான்சிஸ்கோ: தேதியை எப்படிக் கணக்கிடுவது?

வடபழனி வாசி

ஒரு சின்ன டிராவல் ஆபீஸில் வேலை. டிக்கெட் போட்டுக் கொடுப்பதோடு, பயணியை அழைக்க வருகிற சொந்தக்காரருக்கு எந்தத் தேதி, எத்தனை மணிக்கு ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் அனுப்புவோம். அதற்கென்று ஆபீஸில் பழைய எக்செல் ஷீட் ஒன்று இருக்கிறது, யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. கிளம்பும் நேரம் A2, பயண நேரம் B2, கிளம்பும் ஊரின் ஆஃப்செட், அதாவது உலகப் பொது நேரத்திலிருந்து அந்த ஊர்க் கடிகாரம் எத்தனை மணி தள்ளி இருக்கிறது என்பது, C2, இறங்கும் ஊரின் ஆஃப்செட் D2. விடை வரும் கட்டத்தில் இப்படி:

```
=MOD(A2+B2+(D2-C2)/24,1)
```

பக்கத்துக் கட்டத்தில் மறுநாளா என்று காட்ட இது:

```
=IF(A2+B2>=1,"+1","")
```

2026 ஜூன் 12, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூரில் காலை 9:15-க்குக் கிளம்புகிறது, பயணம் 15 மணி 15 நிமிடம். சிங்கப்பூர் +8, சான் பிரான்சிஸ்கோ கோடையில் −7. ஷீட் சொல்வது 9:30, பக்கத்தில் "+1". அதாவது சனிக்கிழமை காலை. டிக்கெட்டில் 9:30 மட்டும்தான் இருக்கிறது, "+1" இல்லை. மணி சரியாக இருக்கிறது, தேதி மட்டும் இடிக்கிறது. கணக்கு தப்பா, டிக்கெட் தப்பா? சென்னை–சிங்கப்பூர், சென்னை–துபாய் எல்லாவற்றுக்கும் இதே ஷீட் இதுவரை ஒழுங்காகத்தான் காட்டியது.

பூகோள வாத்தியார்

டிக்கெட்தான் சரி. இதில் எக்செல்லே தேவையில்லை, நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை போதும். கிழக்கே போனால் நேர வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும், மேற்கே போனால் கழிக்க வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் கிழக்கு, அதனால் இரண்டரை மணி கூட்டுகிறோம். துபாய் மேற்கு, ஒன்றரை மணி கழிக்கிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டால் ஆஃப்செட், கழித்தல் குறி எல்லாம் வேண்டாம்.

சும்மா வந்தேன்

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறதே, அப்படியானால் மேற்கே பறக்கும் விமானத்தை நோக்கி ஊரே நகர்ந்து வருமே, சீக்கிரம் போய்விடலாம் இல்லையா? அதனால்தான் இந்த 15 நிமிடக் கூத்தா?

டெர்மினல் 3

வாத்தியார் சார், உங்கள் விதியையே இந்த ஃப்ளைட்டில் போட்டுப் பார்க்கலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பசிபிக் வழியாகப் போகிறது, முழுக்கக் கிழக்குப் பக்கம். கிழக்கு என்றால் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது? +8-க்கும் −7-க்கும் வித்தியாசம் 15 மணி. 9:15-உடன் பயணம் 15:15 சேர்த்தால் 24:30, அதோடு இன்னொரு 15 மணி சேர்த்தால் 39:30, அதாவது மறுநாள் பிற்பகல் 3:30. மணியே தப்பாகிவிட்டது.

பூகோள வாத்தியார்

அவசரப்படாதீர்கள். பசிபிக் வழியாகப் போனால் 15 இல்லை, 24-இல் 15 போக மீதி 9. கிழக்கே 9 மணி நேரம் தள்ளி இருக்கிறது சான் பிரான்சிஸ்கோ. 24:30-உடன் 9 கூட்டினால் 33:30, 24 போனால் காலை 9:30. உங்கள் டிக்கெட் மணி வந்துவிட்டதா இல்லையா?

டெர்மினல் 3

மணி வந்துவிட்டது சார். தேதி? 33:30 என்றால் நீங்கள் ஒரு நாளைத் தாண்டியிருக்கிறீர்கள், சனிக்கிழமை 9:30. வடபழனி வாசியின் ஷீட்டும் அதையேதான் சொல்கிறது, ஆனால் வேறு காரணத்துக்காக. உங்கள் வழியில் போனால் நடுவில் சர்வதேசத் தேதிக் கோட்டைக் கிழக்கு நோக்கித் தாண்டுகிறீர்கள், அங்கே ஒரு நாள் கழிக்க வேண்டும். கழித்தால் வெள்ளிக்கிழமை 9:30. ஆக, உங்கள் விதி தப்பு என்று சொல்ல மாட்டேன், பாதியில் நின்றுவிட்டது. கோட்டைத் தாண்டினோமா, எந்தப் பக்கமாகத் தாண்டினோம் என்று தனியாக ஒரு கேள்வி கேட்டால்தான் அது முடியும்.

ஆஃப்செட்டைக் குறியோடு வைத்துக்கொண்டால் அந்தக் கேள்வியே எழாது. விமானம் எந்தப் பக்கமாகப் பறந்தது என்று கணக்குக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளி காலை 9:15 சிங்கப்பூர் நேரம், 8-ஐக் கழித்தால் உலகப் பொது நேரமான யூடிசி-இல் வெள்ளி 01:15. பயணம் 15:15 சேர்த்தால் வெள்ளி 16:30 யூடிசி. சான் பிரான்சிஸ்கோவுக்கு −7, அதாவது 7 குறைத்தால் வெள்ளி 09:30. மூன்றே படி. எந்தப் படியிலும் தேதியைக் கையிலிருந்து விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வடபழனி வாசி, உங்கள் ஷீட்டில் மணிக்கான சூத்திரம் சரி, "+1"-க்கான சூத்திரம்தான் கோளாறு. `A2+B2>=1` என்பது எதைக் கேட்கிறது என்று பாருங்கள். விமானம் பறந்துகொண்டிருக்கும்போது *சிங்கப்பூரில்* நள்ளிரவு தாண்டியதா என்று கேட்கிறது. தாண்டியது, 24:30 ஆகிவிட்டது. ஆனால் டிக்கெட்டில் இருக்கும் "+1" இறங்கும் ஊரின் காலண்டரைப் பற்றியது. சென்னை–சிங்கப்பூர் மாதிரி இரண்டரை மணி வித்தியாசத்தில் இரண்டு கேள்விக்கும் பெரும்பாலும் ஒரே பதில் வரும், அதனால் யாரும் கவனிக்கவில்லை. அதிலும் சென்னையில் மாலை 6:30-ஐ ஒட்டிக் கிளம்புவதைப் போட்டுப் பாருங்கள், அங்கேயே உளறும்.

சும்மா வந்தேன்: காற்றும் பூமியோடு சேர்ந்துதான் சுற்றுகிறது, ஊர் ஒன்றும் எதிரே வராது. நடைமுறையில் நேர்மாறு. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று அடிக்கிறது, அதனால் கிழக்கே போவது சீக்கிரம், திரும்பி வருவது தாமதம். இதே பாதையில் போகும்போது 15 மணி சொச்சம், வரும்போது 17-ஐத் தொடும். போகும்போதுள்ள பயண நேரத்தைத் திரும்பும் வரிசையில் அப்படியே காப்பி அடிக்காதீர்கள் என்பதற்கு இது ஒரு காரணம்.

கொங்குப் பொண்ணு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும், என் கேள்வியும் இதுதான் என்று நினைக்கிறேன். அப்பா ஜனவரியில் சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் வருகிறார். கிளம்புவது 1:50, இறங்குவது 7:40. ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. இவ்வளவு சீக்கிரம் வந்துவிடுமா? அவருக்குச் சர்க்கரை, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மாத்திரை. ஆறு மணி நேரம்தானே, இறங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்.

டெர்மினல் 3

இல்லைம்மா, அது ஆறு மணி நேரம் இல்லை. டிக்கெட்டில் இருக்கும் இரண்டு மணியும் இரண்டு ஊர்க் கடிகாரம். ஒன்றிலிருந்து ஒன்றை நேராகக் கழிக்கக் கூடாது. 1:50-இல் ஐந்தரை கழித்தால் முந்தைய நாள் இரவு 20:20 யூடிசி. ஜனவரியில் ஜெர்மனி +1, 7:40-இல் ஒன்றைக் கழித்தால் 06:40 யூடிசி. 20:20-இலிருந்து 06:40 வரை 10 மணி 20 நிமிடம். நடுவில் ஒரு மாத்திரை வந்தே தீரும். அப்பாவைச் சென்னை நேரத்திலேயே ஒரு கைக்கடிகாரம் மாற்றாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், ஃபோன் தானாக மாறிவிடும். மாத்திரையைக் கைப்பையில் வைக்கணும், செக்-இன் பெட்டியில் போட்டுவிடக் கூடாது. சாப்பாட்டு நேரமும் மாறுவதால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அதற்கு நான் ஆள் இல்லை.

இன்னொன்று, கிளம்பும் 1:50 நள்ளிரவு தாண்டிய 1:50. டிக்கெட்டில் 15-ஆம் தேதி என்று இருந்தால் 14-ஆம் தேதி இரவே சென்னை ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில்தான் நான் பார்த்த வரைக்கும் அதிகம் பேர் ஃப்ளைட்டை விடுகிறார்கள்.

கொங்குப் பொண்ணு

ஐயோ, நல்ல வேளை. நன்றி அண்ணா. அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன், அவர் 15-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுக் கிளம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வடபழனி வாசி

டெர்மினல் 3 அண்ணா, புரிந்தது. அப்போ "+1" கட்டத்தைத் தூக்கிவிட்டு A2-வில் தேதியையும் சேர்த்துப் போட்டு MOD-ஐ எடுத்துவிட்டால் போதுமா? இப்படி:

```
=A2+B2+(D2-C2)/24
```

2026-06-12 09:15 போட்டேன், 2026-06-12 09:30 வந்தது. திரும்பும் பயணத்தையும் போட்டேன். ஜூன் 26 வெள்ளி இரவு 22:50-க்கு சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி 17 மணி நேரம். ஜூன் 28 ஞாயிறு காலை 6:50 என்கிறது. வெள்ளி ராத்திரி ஏறி ஞாயிறு காலையில் இறங்குவதா, சனிக்கிழமை எங்கே போனது?

டெர்மினல் 3

சரியாகத்தான் வந்திருக்கிறது. 22:50-உடன் 7 சேர்த்தால் சனி 05:50 யூடிசி, 17 சேர்த்தால் சனி 22:50 யூடிசி, 8 சேர்த்தால் ஞாயிறு 06:50. டிக்கெட்டில் "+2" என்று இருக்கும். பழைய ஷீட்டால் இதைக் காட்டவே முடியாது, அதற்கு "+1" ஒன்றுதான் தெரியும். போகும்போது 15 மணி நேரம் பறந்தும் கடிகாரம் 15 நிமிடம்தான் நகர்ந்தது, அதன் வட்டியும் முதலும்தான் திரும்பும்போது போகிறது.

MOD-ஐ ஏன் போட்டிருப்பார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். தேதி இல்லாமல் மணியை மட்டும் போட்டால் விடை சில சமயம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். டோக்கியோவில் நள்ளிரவு 00:05-க்குக் கிளம்பி 10 மணி நேரம் பறந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போனால், +9-லிருந்து கோடையின் −7-க்கு, விடை முந்தைய நாள் மாலை 18:05. அதை எக்செல் கழித்தல் நேரமாகப் பார்த்து `#####` என்று நிரப்பிவிடும். பழைய ஆள் அதைப் பார்த்துப் பயந்து MOD போட்டு மூடிவிட்டார், கூடவே தேதியும் மூடிப்போனது. தேதியோடு போட்டால் அந்தச் சிக்கல் வராது. கட்டத்தின் ஃபார்மட்டை மட்டும் `yyyy-mm-dd hh:mm` என்று வையுங்கள், இல்லாவிட்டால் 46185-க்குப் பக்கத்தில் ஏதோ எண் தெரியும். B2-வை `[h]:mm` ஆக்குங்கள், நடுவில் ஒரு ஊரில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து 24-ஐத் தாண்டினாலும் தாங்கும்.

பூகோள வாத்தியார்

குறியோடு கணக்குப் போடுவது சுலபம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேதிக் கோடு என்பது ஒரு உண்மையான விஷயம், அதைத் தெரியாமலேயே பிள்ளைகள் விடை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

டெர்மினல் 3

தெரிந்துகொள்ளட்டும் சார், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோடு வரைபடத்தில் நேராக இல்லை, நாடுகள் இழுத்த இழுப்புக்குப் போகிறது. ஹோனலூலுவிலிருந்து கிரிபட்டி நாட்டின் கிரிஸ்மஸ் தீவுக்கு ஏறக்குறைய நேர் தெற்கே மூன்று மணி நேரம். ஹோனலூலு −10, அந்தத் தீவு +14. செவ்வாய் காலை 10-க்குக் கிளம்பினால் 20:00 யூடிசி, மூன்று சேர்த்து 23:00, பதினான்கு சேர்த்து புதன் பிற்பகல் 1 மணி. கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை, ஆனால் ஒரு நாள் போய்விட்டது. சமோவா 2011 டிசம்பர் 30 என்ற தேதியையே விட்டுவிட்டுக் கோட்டின் மறுபக்கம் தாவியது. இதையெல்லாம் விதியாக மனப்பாடம் செய்வதைவிட +14 என்ற ஒரு எண்ணை எழுதிக்கொள்வது மேல்.

பைதான் பாண்டி

எக்செல்லை விடுங்கள், நான்கு வரியில் முடியும். ஆஃப்செட்டை நிமிடத்தில் வையுங்கள், பின்னம் தொல்லை இருக்காது:

```python
from datetime import datetime, timedelta

def arrive(dep, dur, off_dep, off_arr):
    return dep + timedelta(minutes=dur - off_dep + off_arr)

print(arrive(datetime(2026, 6, 12, 9, 15), 915, 480, -420))
# 2026-06-12 09:30:00
```

நிமிடம் ஏன் என்றால், நம்ம ஊர் ஆட்கள் ஐந்தரையை 5.30 என்று அடிப்பார்கள். அது 5.5 ஆக இருக்க வேண்டும். 5.30 மணி என்றால் 5 மணி 18 நிமிடம், விடை 12 நிமிடம் பிசகும். காத்மாண்டுவுக்கு 5.45 என்று அடித்தால் 18 நிமிடம் பிசகும், அங்கே 5.75 வேண்டும். டிக்கெட்டோடு ஒப்பிடும்போது வித்தியாசம் 12 அல்லது 18 நிமிடமாக இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான்.

கழித்தல் அரைமணி இன்னும் மோசம். கனடாவின் செயிண்ட் ஜான்ஸ் குளிர்காலத்தில் −3:30. "-03:30" என்ற எழுத்தை உடைத்து −3 தனியாக, 30 தனியாக எடுத்துக் கூட்டும் ப்ரோக்ராம்களை நான் பார்த்திருக்கிறேன். −180 கூட்டல் 30, விடை −150. சரியானது −210. ஒரு மணி நேரம் பிசகும், ஒரு மணி என்பதால் எல்லோரும் கோடை நேரத்தின் மேல் பழி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். குறியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு கடைசியில் முழுத் தொகைக்கும் பெருக்க வேண்டும்.

வடபழனி வாசி

C2-வில் நாங்கள் 5.5 தான் போடுகிறோம், தப்பித்தோம். கோடை நேரம் என்றதும் ஞாபகம் வருகிறது. லண்டனுக்குச் சில மாதம் 0, சில மாதம் +1 என்று ஒரு அட்டையைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். டிக்கெட் தேதியைப் பார்த்து அதிலிருந்து எடுத்துப் போடுவோம். இது போதுமா?

டெர்மினல் 3

எந்தத் தேதியைப் பார்க்கிறீர்கள்? கிளம்பும் தேதியையா, இறங்கும் தேதியையா? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

2026-இல் இங்கிலாந்தில் மார்ச் 29 ஞாயிறு அதிகாலை 01:00 யூடிசி-க்குக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுகிறார்கள். சென்னையில் அந்த ஞாயிறு அதிகாலை 2:00-க்கு ஒரு விமானம் கிளம்புகிறது, பயணம் 11 மணி நேரம் என்று வையுங்கள். அதன் சக்கரம் நகரும் நேரம் யூடிசி-இல் சனி 20:30. அப்போது லண்டன் இன்னும் பூஜ்யத்தில்தான் இருக்கிறது, கடிகாரம் மாற நாலரை மணி நேரம் பாக்கி. விமானம் நடுவானில் இருக்கும்போது மாறுகிறது. இறங்குவது ஞாயிறு 07:30 யூடிசி. லண்டன் கடிகாரத்தில் 8:30. கிளம்பும் நொடியின் ஆஃப்செட்டைப் போட்டால் 7:30 என்று சொல்லி, அழைக்க வருகிறவரை ஒரு மணி நேரம் வெறுமனே நிற்க வைப்பீர்கள். அக்டோபர் 25-ஆம் தேதி இதற்கு நேர்மாறாக நடக்கும், அன்றைக்குப் பயணி நிற்பார்.

ஆக, கிளம்பும் ஊருக்குக் கிளம்பும் நொடியில் என்ன ஆஃப்செட், இறங்கும் ஊருக்கு இறங்கும் நொடியில் என்ன ஆஃப்செட், இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இறங்கும் நொடி எது என்று தெரிய முதலில் கணக்குப் போட்டாக வேண்டுமே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் யூடிசி. அது வரைக்கும் போக இறங்கும் ஊரின் ஆஃப்செட் தேவையே இல்லை. 07:30 யூடிசி என்று கையில் வந்த பிறகு, அந்த நொடியில் லண்டன் என்ன என்று பாருங்கள். உங்கள் ஒற்றைச் சூத்திரத்தை இரண்டாக உடைத்து, நடுவில் யூடிசி-க்கு ஒரு கட்டம் வையுங்கள். சுவர் அட்டையிலும் "மார்ச் 29" என்று மட்டும் இல்லாமல் "மார்ச் 29, 01:00 யூடிசி" என்று எழுதுங்கள்.

பைதான் பாண்டி

அதற்குத்தான் ஊர்ப் பெயரைக் கொடுத்துவிட வேண்டும், ஆஃப்செட்டே கேட்கக் கூடாது. `Europe/London` என்று கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்:

```python
from datetime import datetime, timedelta
from zoneinfo import ZoneInfo

dep = datetime(2026, 3, 7, 23, 0, tzinfo=ZoneInfo("America/New_York"))
arr = (dep + timedelta(hours=7)).astimezone(ZoneInfo("Europe/London"))
print(arr)
```

நியூயார்க்கில் சனிக்கிழமை இரவு 11-க்குக் கிளம்பி ஏழு மணி நேரம். ஓட்டிப் பார்த்தால் 10:00.

டெர்மினல் 3

பாண்டி, கையால் ஒருதடவை போட்டுப் பாருங்கள். மார்ச் 7 இரவு நியூயார்க் இன்னும் −5. 23:00-உடன் 5 சேர்த்தால் மார்ச் 8, 04:00 யூடிசி. ஏழு சேர்த்தால் 11:00 யூடிசி. லண்டன் அன்றைக்குப் பூஜ்யம், ஐரோப்பா மாறுவதற்கு மூன்று வாரம் இருக்கிறது. விடை 11:00. உங்களுக்கு வந்தது 10:00.

பைதான் பாண்டி

அட. மார்ச் 8 அதிகாலை அமெரிக்கா மாறுகிறது. `dep + timedelta` நியூயார்க் சுவர்க் கடிகாரத்தில் ஏழு மணி நேரம் தள்ளி காலை 6:00 என்று நிறுத்துகிறது, ஆனால் அன்றைக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு மணி நேரமே கிடையாது. அதனால் உண்மையில் ஆறு மணி நேரம்தான் பறந்திருக்கிறது. முதலில் யூடிசி-க்கு மாற்றிவிட்டுக் கூட்ட வேண்டும்:

```python
from datetime import timezone
arr = (dep.astimezone(timezone.utc) + timedelta(hours=7)).astimezone(ZoneInfo("Europe/London"))
# 2026-03-08 11:00:00+00:00
```

இப்போது 11. இது வருஷத்தில் கடிகாரம் மாறும் இரண்டு ராத்திரி மட்டும் தப்பாகும் வகை, டெஸ்டில் சிக்கவே சிக்காது. ஆனாலும் ஊர்ப் பெயர்தான் சரியான வழி என்பதில் மாற்றமில்லை.

யாழ் நிலா

ஊர்ப் பெயர் கொடுத்தால் எல்லாம் முடிந்தது என்று சொல்ல ஏலாது. எங்கட நாட்டையே எடுங்கோ. இலங்கை 1996-இல் நேரத்தை முன்னால் தள்ளி +6:30 ஆக்கி, அதே வருஷம் +6-க்குக் கொண்டுவந்து, 2006-இல்தான் திரும்ப +5:30-க்கு வந்தது. அந்தக் காலத்தில் வன்னிப் பக்கம் பழைய நேரத்திலேயே இருந்தார்கள், ஒரே நாட்டுக்குள் இரண்டு கடிகாரம். `Asia/Colombo` என்று போட்டால் கொழும்பு நேரம் வரும், கிளிநொச்சியில் ஆளுக்கு ஆள் எந்தக் கடிகாரம் பார்த்தார்கள் என்று அது சொல்லாது. பழைய பயணக் குறிப்பு ஒன்றின் மணியைச் சரிபார்க்கப் போய்த்தான் இது எனக்கு முட்டியது.

பைதான் பாண்டி

அது பழைய காலம் நிலா. இப்போது டிக்கெட் போடுகிற ஆபீஸுக்கு அது எதற்கு?

யாழ் நிலா

இப்போதும் நடக்குது. 2023 மார்ச்சில் லெபனான் அரசாங்கம் கோடை நேரத்தைத் தள்ளிப்போடுகிறோம் என்று கடைசி நேரத்தில் அறிவித்தது. பாதிப்பேர் ஏற்கவில்லை, பெய்ரூட்டில் சில நாட்கள் இரண்டு நேரம் ஓடியது, பிறகு அரசாங்கமே முடிவைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த வாரம் உங்கட கணினியில் இருக்கிற ஊர் நேர அட்டவணை எந்த அறிவிப்பைப் பின்பற்றியிருக்கும்? மொரோக்கோ +1-இல் இருந்துவிட்டு நோன்பு மாதத்துக்கு மட்டும் பூஜ்யத்துக்கு வரும். அட்டவணை பழசாக இருந்தால் கணினி நம்பிக்கையோடு தப்பான விடையைத் தரும். ஆஃப்செட்டைக் கையால் போடுகிற ஷீட்டில் குறைந்தபட்சம் ஆள் ஒருவர் பார்த்து மாற்றலாம்.

பைதான் பாண்டி

கையால் போடுகிற ஆள் சுவரில் இருக்கும் அட்டையைப் பார்த்துத்தானே போடுவார்? அந்த அட்டையை யார் புதுப்பிப்பார்? அட்டவணைக்கு அப்டேட் வரும், சுவருக்கு வராது.

வடபழனி வாசி

சண்டை வேண்டாம். இப்போதைக்கு மூன்று கட்டம் போட்டுவிட்டேன். கிளம்பும் நேரம் யூடிசி-இல், இறங்கும் நேரம் யூடிசி-இல், இறங்கும் நேரம் அந்த ஊர்க் கணக்கில். ஆஃப்செட் கையால்தான், ஆபீஸ் கம்ப்யூட்டரில் பைதான் ஏற்ற முதலாளி விட மாட்டார். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. B2-வில் போடும் பயண நேரம் எது? ஃப்ளைட்டைப் பின்தொடரும் ஆப்பில் 14 மணி 30 என்கிறது, டிக்கெட்டில் 15:15.

டெர்மினல் 3

டிக்கெட்டில் இருப்பதைப் போடுங்கள். அது கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊர்க் கேட்டில் நிற்பது வரை. ஆப்பில் நீங்கள் பார்த்தது ஓடுபாதையை விட்டு எழுந்ததிலிருந்து தரை தொட்டது வரை இருக்கலாம், டாக்ஸி போகிற நேரம் அதில் சேராது. டிக்கெட்டின் கிளம்பும் மணி கேட்டை விட்டு நகரும் மணி, அதனோடு பறக்கும் நேரத்தை மட்டும் கூட்டினால் முக்கால் மணி முன்னாலேயே இறங்கிவிட்டதாகக் காட்டும். இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி. இன்னொரு சோதனை: டிக்கெட்டில் இறங்கும் மணி ஏற்கெனவே அச்சாகியிருக்கும், உங்கள் ஷீட் விடை அதோடு நிமிடம் பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் செய்தியை அனுப்பாதீர்கள்.

சும்மா வந்தேன்

டிக்கெட்டிலேயே இறங்கும் மணியும் "+1"-உம் இருக்கிறது என்றால் இந்த ஷீட் எதற்கு?

வடபழனி வாசி

சார்ட்டர் போடுகிற குழு வருகிறது, அவர்கள் கிளம்பும் நேரமும் பயண நேரமும் மட்டும்தான் தருவார்கள். அப்புறம் தாமதம் ஆனால் புது நேரத்தை நாங்களே போட்டு அனுப்ப வேண்டும். A2-வில் 9:15-க்குப் பதில் 11:40 என்று மாற்றினால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

பூகோள வாத்தியார்

அந்த 11:40-க்கு விடையை நான் காகிதத்தில் என் முறையில் போட்டேன். 11:55, வெள்ளிக்கிழமை. ஷீட்டிலும் அதுதானா?

வடபழனி வாசி

அதேதான் சார். 2026-06-12 11:55.